நாளைய முதல் வரியை இன்றிரவே எழுதுங்கள்

வேலைக்குப் போய்க்கொண்டே போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். படிக்க நேரமில்லை என்பதைவிட, "உட்கார்றதுக்கே அரை மணி நேரம் போயிடுது" என்பதைத்தான் அதிகம் சொல்வார்கள். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. புத்தகத்தை மூடிய பிறகும் படிப்பு முடிவதில்லை. சாப்பிடும்போதும் படுக்கையிலும் "அந்தக் கணக்கை முடிக்கவில்லையே, இந்தப் பாடம் பாக்கி இருக்கிறதே" என்று மனம் அரைத்துக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் கசியும் நேரம், முடிவில் கசியும் நிம்மதி என்று இரண்டு ஓட்டைகள். இரண்டையும் அடைக்கச் சிறிய, மாறாத ஒரு நடைமுறை போதும். ஆனால் அதைத் தொடக்கத்திலிருந்து வடிவமைக்கக் கூடாது, முடிவிலிருந்துதான் வடிவமைக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான்.

என் அண்ணன் மகளை வைத்தே சொல்கிறேன். திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங்கில் இருக்கிறாள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். கடை முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டால் மணி எட்டரை. பத்து மணிவரை படிக்கலாம் என்பது அவள் கணக்கு. அதாவது ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். குரூப் 4 தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகள். அதில் தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் புத்தகங்கள்தான் அடிப்படை. பாடம் கடினமில்லை, பரப்புதான் பெரிது. பரப்பு பெரிதாக இருக்கும் இடத்தில்தான் "இன்னைக்கு எதை எடுக்கிறது?" என்ற கேள்வி ஆளைத் தின்னும்.

அவள் எட்டரைக்கு உட்கார்ந்ததும் நடப்பதை ஒருநாள் பக்கத்திலிருந்து பார்த்தேன். தமிழ்ப் புத்தகத்தை எடுத்தாள், வைத்தாள். சமூக அறிவியலை எடுத்தாள். பழைய வினாத்தாள் ஒன்றைத் தேட போனைத் திறந்தாள். தேர்வுக் குழு ஒன்றில் யாரோ ஒரு அட்டவணை போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத் தன் அட்டவணையைத் திருத்தினாள். பேனா தாளைத் தொட்டபோது மணி ஒன்பதை நெருங்கிவிட்டது. இதில் சோம்பல் எங்கேயும் இல்லை. முழுக்க முழுக்க அவள் முடிவெடுத்துக்கொண்டுதான் இருந்தாள். நாள் முழுக்க நின்று வேலை பார்த்து வந்த மூளையிடம், நாளின் மிகக் களைத்த நேரத்தில், மிகக் கடினமான முடிவைக் கேட்டால் அது தள்ளித்தான் போடும்.

எங்கே, எப்போது, எதைச் செய்வது என்பதை முன்கூட்டியே குறித்து வைத்தால் என்ன ஆகும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் நீண்ட காலம் ஆராய்ந்தவர். 1997-இல் அவரும் வெரோனிகா பிராண்ட்ஷ்டெட்டரும் வெளியிட்ட ஆய்வொன்றில், கிறிஸ்துமஸ் முந்தைய நாளை எப்படிக் கழித்தோம் என்று விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி இரண்டு நாளுக்குள் அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். பாதிப் பேரிடம் மட்டும், எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்பதையும் குறித்துத் தரச் சொன்னார்கள். குறித்துத் தந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் சொன்ன கெடுவுக்குள் எழுதி முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் முடித்தார்கள். முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது, நேரம் வந்ததும் கை தானாகப் போனது.

அப்படியானால் அந்த முடிவை எப்போது எடுப்பது? காலையில் எடுத்தால் கடை வேலையில் மறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் எடுத்தால் செவ்வாய்க்கிழமையே உடைந்துவிடும். பாடம் எங்கே நிற்கிறது, எது புரிந்தது, எது தடுக்கிறது என்பது முழுதாகத் தெரிந்திருக்கும் நேரம் ஒன்றே ஒன்றுதான். அது அன்றைய படிப்பை நிறுத்தும் அந்தக் கணம். அதனால்தான் முடிவு நடைமுறையை முதலில் அமைக்க வேண்டும் என்கிறேன். இன்றைய முடிவுதான் நாளைய தொடக்கத்தைச் செய்கிறது.

இது அவளுக்குப் புதிதும் அல்ல. கடையில் இரவு கல்லாக் கணக்கு முடிக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பில் தொகை, ரொக்கம், கார்டில் வந்தது எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு இடிக்கிறது என்று குறித்து வைத்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவார்கள். மறுநாள் காலையில் முதல் பில் போடுகிறவர் நேற்றைய குழப்பத்தில் தொடங்குவதில்லை. "அதையே வீட்டுல செய்யேன்" என்றேன். "அத்தை, அதுக்குப் பத்து நிமிஷம் போயிடுமே. இருக்கிறதே ஒன்றரை மணி நேரம்" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் தொடக்கத்தில் அரை மணி நேரத்தை இழந்துகொண்டிருப்பவர், முடிவில் பத்து நிமிடம் கொடுத்து அதை மீட்டால் லாபம்தானே.

அவளுடைய முடிவு நடைமுறை இப்படி அமைந்தது. ஒன்பது ஐம்பதுக்கு அலாரம் அடிக்கும். அப்போது பாதி வரியில் இருந்தால் அந்த வரியை மட்டும் முடிக்கலாம், அடுத்த பத்திக்குப் போகக் கூடாது. புத்தகத்தை மூடிவிட்டு, அன்று படித்ததை ஒரு பழைய நோட்டில் நினைவிலிருந்து எழுத வேண்டும். அழகாக எழுத வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புக் குடிமையியலில் அடிப்படை உரிமைகள் படித்த இரவில் அவள் எழுதியதைப் பார்த்தேன். ஆறு உரிமைகளில் ஐந்து வந்திருந்தன. சமத்துவம் 14 முதல் 18, சுதந்திரம் 19 முதல் 22, சுரண்டலுக்கு எதிரானது 23, 24, தீர்வு காணும் உரிமை 32 எல்லாம் சரி. சமயச் சுதந்திரத்துக்கு 25 முதல் 30 வரை என்று எழுதியிருந்தாள். 28-ஓடு அது முடிந்துவிடும். 29-உம் 30-உம் கல்வி, கலாச்சார உரிமை. விட்டுப்போன ஆறாவது உரிமை அதுதான். புத்தகத்தைத் திறந்து பார்த்து, அந்த இடத்தில் வட்டம் போட்டாள். இந்த மூன்று நான்கு நிமிடம் வெறும் சடங்கு அல்ல. மறுபடி மறுபடி வாசிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது நாள்கணக்கில் நிலைக்கிறது என்பது கற்றல் ஆய்வுகளில் உறுதியாகத் தெரிந்த விஷயங்களில் ஒன்று.

அடுத்ததாக, தலையில் சுற்றிக்கொண்டிருப்பதை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கொட்டிவிட வேண்டும். விண்ணப்பத்தில் போட்டோ மாற்றணும், எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகம் கிடைக்கவில்லை, கூட்டுவட்டியில் சந்தேகம் என்று எதுவாக இருந்தாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் எதிரில் எப்போது பார்ப்போம் என்று ஒரு கிழமை எழுத வேண்டும். கிழமை இல்லாத வரி மறுபடி தலைக்குள் ஏறிக்கொள்ளும்.

கடைசியாக எழுதுவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. நாளைக்கு உட்கார்ந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியத்தை ஒரே வரியில் எழுத வேண்டும். முதல் வாரம் அவள் எழுதிய வரிகள் "திறனறிவு பார்க்கணும்", "குடிமையியல் தொடரணும்" என்ற மாதிரி இருந்தன. மறுநாள் அந்த வரியைப் படித்ததும் பழையபடி யோசனை தொடங்கிவிட்டது. திறனறிவில் எதை, எந்தப் பக்கத்தில் என்பதுதான் அந்த வரியில் இல்லையே. எழுதிய வரி நல்ல வரியா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. உங்களுக்குப் பதில் வேறு யாராவது அந்த நோட்டைத் திறந்தாலும், ஒரு கேள்வியும் கேட்காமல் பேனாவை எடுத்து வேலையைத் தொடங்க முடிய வேண்டும். "புத்தகத்தைத் திறக்காமல் ஆறு உரிமைகளையும் அவற்றின் எண்களோடு எழுது" என்பது அப்படிப்பட்ட வரி.

திறனறிவுக்கு அவளுக்கு ஒரு வழி நன்றாகக் கைகொடுத்தது. நிறுத்தும்போது ஒரு கணக்கைப் பாதியில் விடுவது. எட்டாயிரம் ரூபாய்க்கு, பத்து சதவீதத்தில், இரண்டு ஆண்டுக்குத் தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்பது கணக்கு. தனிவட்டி 1,600 என்று கண்டுபிடித்த இடத்தில் நிறுத்திவிட்டு, கீழே "அடுத்தது கூட்டுவட்டி, முதல் ஆண்டு முடிவில் 8,800" என்று எழுதி வைத்தாள். மறுநாள் உட்கார்ந்ததும் செய்ய வேண்டியது 8,800-க்குப் பத்து சதவீதம் காண்பதுதான். 880 சேர்த்தால் 9,680, கூட்டுவட்டி 1,680, வித்தியாசம் 80. இரண்டே நிமிடத்தில் ஒரு விடை கிடைத்துவிட்டது, கையும் சூடேறிவிட்டது. கடினமான புதுப் பாடத்தை முதல் வரியாக வைப்பதைவிட, வழி தெரிந்த பாதி வேலையை வைப்பது எப்போதும் நல்லது. எழுத்தாளர் ஹெமிங்வேயும் அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த இடத்திலேயே அன்றைய எழுத்தை நிறுத்திக்கொள்ளச் சொன்னவர்.

பாதியில் விட்டால் அது இரவெல்லாம் மனத்தை அரிக்காதா என்று கேட்கலாம். முடியாத வேலை மனத்தில் தங்கும் என்ற கருத்தை 1927-இல் புளூமா ஸெய்கார்னிக் பெர்லினில் நடத்திய சோதனைகள் பிரபலமாக்கின. பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகளை மக்கள் அதிகம் நினைவில் வைத்திருந்ததாக அவர் கண்டார். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த நினைவு விஷயம் ஒரே மாதிரி உறுதிப்படவில்லை. ஆனால் அவருடன் பணியாற்றிய மரியா ஓவ்ஸியான்கினா கண்ட இன்னொன்று நன்றாகவே நின்றிருக்கிறது. பாதியில் விட்ட வேலையை, யாரும் சொல்லாவிட்டாலும், மக்கள் தாமாகவே திரும்ப எடுக்க விரும்புகிறார்கள். நமக்கு வேண்டியது அந்த இழுப்புதான். அரிப்பைக் குறைப்பதற்கான வழியை 2011-இல் மாசிகாம்போவும் பௌமைஸ்டரும் காட்டினார்கள். முடிக்காத காரியம் மனத்தில் குறுக்கிடுவதை நிறுத்த, அதை முடித்தாக வேண்டும் என்பதில்லை. எப்போது, எப்படிச் செய்வோம் என்று தெளிவாகத் திட்டமிட்டாலே குறுக்கீடு அடங்கிவிடுகிறது. பாதிக் கணக்கும், பக்கத்தில் அடுத்த படியும் சேர்ந்திருந்தால் இழுப்பு இருக்கும், அரிப்பு இருக்காது.

தூக்கத்துக்கும் இது உதவுகிறது. 2018-இல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஸ்கல்லினும் குழுவினரும் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், பாதிப் பேர் இனி செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள், மீதிப் பேர் செய்து முடித்தவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம் தூங்கினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் என் அண்ணன் மகளின் நோட்டைப் பார்த்தபோது எனக்கு அதில் நம்பிக்கை கூடியது.

எழுதி முடித்ததும் நோட்டை மூடி, பேனாவை அதன் மேல் வைத்து, மேசை விளக்கை அணைத்துவிட்டு, "இன்னைக்குக் கணக்கு முடிஞ்சது" என்று வாய்விட்டுச் சொல்கிறாள். அமெரிக்கக் கணினிப் பேராசிரியர் கால் நியூபோர்ட் 2016-இல் வெளியான தன் புத்தகத்தில் இப்படி ஒரு வாசகத்தை வாய்விட்டுச் சொல்வதைப் பரிந்துரைத்தார். அவருடையது "ஷட்டவுன் கம்ப்ளீட்". கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கலாம். ஆனால் அதன் பயன் படுக்கையில் தெரியும். அந்தச் சந்தேகம் என்ன ஆச்சு என்று மனம் கிளறும்போது, எல்லாம் எழுதியாகிவிட்டது, எழுதாமல் அந்த வாசகத்தைச் சொல்லியிருக்க மாட்டேன் என்று அதற்குப் பதில் சொல்லலாம். ஆகவே ஒரு நிபந்தனை: எழுதாத நாளில் வாசகத்தைச் சொல்லக் கூடாது. ஒருமுறை பொய்யாகச் சொல்லிவிட்டால் அதற்கு மதிப்பு போய்விடும்.

முடிவு இப்படி அமைந்துவிட்டால் தொடக்க நடைமுறையில் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. அவள் செய்வது ஐந்து நிமிடத்துக்குள் முடிகிறது. போனை அடுத்த அறையில் அம்மாவிடம் கொடுக்கிறாள். நேரம் பார்க்கக் கைக்கடிகாரம் போதாது, அலாரம் வேண்டுமென்று ஒரு மேசைக் கடிகாரம் வாங்கினோம். போன் மேசையில் கவிழ்த்துக் கிடந்தாலே கவனம் சிதறுமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆனால் கை நீண்டால் எட்டும் தூரத்தில் இருக்கும் போனை எடுப்போம் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. பாட வீடியோ பார்க்க வேண்டிய நாள் என்றால் அதை முன்கூட்டியே பதிவிறக்கி, ஏரோபிளேன் மோடில் போட்டு எடுத்து வருகிறாள். ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். விளக்கைப் போடுகிறாள். நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி, மேலே பிள்ளையார் சுழியும் தேதியும் போடுகிறாள். எந்தப் பிள்ளைக்கும் பாட்டி சொல்லித்தந்த பழக்கம் அது. அதன் சிறப்பு என்னவென்றால், அதைப் போடும்போதே பேனா தாளில் இருக்கிறது. நம்பிக்கை இல்லாதவர்கள் தேதியை மட்டும் போடட்டும், பலன் அதேதான். பிறகு நேற்று எழுதிய வரியை வாசித்து, அதைச் செய்யத் தொடங்குகிறாள்.

தொடக்க நடைமுறையின் கடைசிப் படி பாடத்தின் முதல் படியாகவே இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தியானம், ஊதுபத்தி, பிடித்த பாட்டு என்று எதை வேண்டுமானாலும் முன்னால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வரிசை பேனாவில் போய் முடியாவிட்டால், அது படிப்புக்கு முன்னால் இருக்கும் இன்னொரு வேலையாகிவிடும். நடைமுறை கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். அது வளர்ந்துகொண்டே போகும். மேசையைத் துடைப்பது, பேனாக்களை நிறவாரியாக அடுக்குவது, காபி போடுவது என்று ஒவ்வொன்றாகச் சேரும். அவளும் ஒருகட்டத்தில் அட்டவணைக்குக் கோடு போட ஆரம்பித்தாள். உட்கார்ந்த நேரத்தையும், முதல் வரி பாடம் எழுதிய நேரத்தையும் பக்கத்தின் ஓரத்தில் குறித்து வரச் சொன்னேன். இரண்டுக்கும் இடையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகிறது என்றால் எதையாவது வெட்ட வேண்டும். சுத்தம் செய்வது, அடுக்குவது எல்லாம் முடிவுப் பத்து நிமிடத்துக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ போகட்டும்.

வீட்டில் இருப்பவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். ஒரே அறையில் டிவியும், தம்பியும், சமையலும் இருக்கும் வீட்டில் தனி அறை கேட்பது நடக்காத காரியம். அங்கே மேசை விளக்கு ஓர் அறிவிப்பாகிவிட்டது. "விளக்கு எரியிறப்போ கூப்பிடாதீங்கம்மா, அணைஞ்சதும் நான் உங்க ஆளு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா அதை மதிப்பதற்குக் காரணம், பத்து மணிக்கு விளக்கு உண்மையிலேயே அணைகிறது என்பதுதான். எப்போது முடியும் என்று தெரியாத படிப்பை யாரும் காத்துக்கொண்டிருக்க முடியாது.

விருந்தாளி வந்தாலோ கரண்ட் போனாலோ பத்து நிமிடம் கிடைக்காது. அதற்கென்று அரை நிமிட முடிவு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். நிறுத்திய வரியில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி, முடிந்தால் "அடுத்தது" என்று இரண்டு சொல். அது போதும். முழு நடைமுறை முடியவில்லை என்று எதையும் செய்யாமல் எழுந்துபோவதுதான் மறுநாளைக் கெடுக்கும். அதே மாதிரி, உடம்புக்கு முடியாத நாளில் தொடக்க நடைமுறையை மட்டும் செய்து, முதல் வரியை முடித்துவிட்டு விளக்கை அணைக்கலாம். வரிசை அறுபடாது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. புரியாத பாடத்தை இந்த நடைமுறை புரிய வைக்காது. நாலு மணி நேரத் தூக்கத்தோடு வரும் களைப்பையும் இது போக்காது. நல்ல வரி எழுதி வைத்தும், நேரத்துக்கு உட்கார்ந்தும், தொடர்ந்து ஒரே பாடத்தில் பேனா நிற்கிறதென்றால் பிரச்சினை தொடக்கத்தில் இல்லை. சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும் என்று பொருள்.

பழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். 21 நாள் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். லண்டனில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுச் செயல் தானாக நிகழும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே ஒரு நாள் தவறியதற்காக முழுவதையும் கைவிட வேண்டாம்.

நீங்கள் இதைத் தொடங்குவதாக இருந்தால் நாளைக் காலைக்குக் காத்திருக்காதீர்கள். இன்றைய படிப்பைப் பத்து நிமிடம் முன்னதாக நிறுத்திவிட்டு, நாளை உட்கார்ந்ததும் பேனாவால் செய்யப்போகும் முதல் காரியத்தை ஒரு வரியில் எழுதி, அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே மேசையில் வைத்துவிட்டுப் படுங்கள்.